கோர்ஸ் ப்ரீ-ரெக்விசிட் அசைன்மென்ட்: வரிசை சரியாக வருகிறது, சைக்கிளைத்தான் தப்பாகக் காட்டுகிறது

சைதை_மாணவன்

அல்காரிதம்ஸ் லேபில் கொடுத்த அசைன்மென்ட் இது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு கோர்ஸ் கோடு இருக்கும், முதலில் இருப்பதை முடித்த பிறகுதான் இரண்டாவதை எடுக்க முடியும். எல்லா கோர்ஸையும் எடுக்கக்கூடிய ஒரு வரிசையை அச்சிட வேண்டும். அப்படி ஒரு வரிசையே இல்லையென்றால், எந்தக் கோர்ஸ்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றனவோ அவற்றை மட்டும் காட்ட வேண்டும்.

வரிசை வரும் டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். சைக்கிள் இருக்கும் கேஸ்தான் தொடர்ந்து ஃபெயில். இன்-டிகிரி வைத்து, க்யூ போட்டு, பூஜ்யம் ஆனதை எடுத்து எழுதும் முறைதான் செய்திருக்கிறேன். கடைசியில் க்யூ காலியான பிறகு மிச்சம் இருப்பதெல்லாம் சைக்கிள் என்று அச்சிடுகிறேன். ஃபெயில் ஆகும் இன்புட்:

```
M1 PR
C1 DS
DS AL
PR ML
AL ML
ML DM
DM AL
ML PJ
DM PJ
```

என் ப்ரோக்ராம் AL, ML, DM, PJ என்று நான்கைக் காட்டுகிறது. எதிர்பார்த்த விடையில் AL, ML, DM மட்டும்தான் இருக்கிறது. PJ எப்படிச் சைக்கிளுக்கு வெளியே போகிறது? அதன் இன்-டிகிரியும் பூஜ்யம் ஆகவே இல்லையே.

வேகக்கோடு

ப்ரோ, க்யூ முறையை விட்டுவிட்டு டிஎஃப்எஸ் போடுங்கள். ஒரு விசிட்டட் செட் வைத்துக்கொள்ளுங்கள், போகிற வழியில் ஏற்கெனவே விசிட் ஆன நோடைப் பார்த்தால் அதுதான் சைக்கிள். பத்து வரிகூட வராது.

பழைய_லேப்_அக்கா

டிஎஃப்எஸ் சரியான வழிதான், ஆனால் வேகக்கோடு சொன்ன மாதிரி ஒரே ஒரு விசிட்டட் செட் வைத்தால் சைக்கிளே இல்லாத கிராஃபிலும் சைக்கிள் இருப்பதாகச் சொல்லும். இதே இன்புட்டில் `DM AL` வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள், இப்போது எந்தச் சுற்றும் கிடையாது. ML-இலிருந்து கிளம்பி DM போய், அங்கிருந்து PJ போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். பிறகு ML-இன் அடுத்த எட்ஜ் நேராக PJ-க்குப் போகிறது. PJ ஏற்கெனவே விசிட் ஆனது. சைக்கிள் என்று கத்திவிடும். உண்மையில் இரண்டு வழியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நோடுக்கு மூன்று நிலை வேண்டும்: இன்னும் தொடாதது, இப்போது போய்க்கொண்டிருக்கும் பாதையில் இருப்பது, முழுதாக முடித்துத் திரும்பியது. நடுவில் சொன்ன நிலையில் இருக்கும் நோடை மறுபடி தொட்டால் மட்டும்தான் சைக்கிள். இன்னொன்று, பைதானில் ரிகர்ஷனாக எழுதினால் ஆயிரம் ஆழத்தைத் தாண்டும் சங்கிலியில் RecursionError வரும். லேபில் பெரிய டெஸ்ட் கேஸ் வைத்திருந்தால் அதில்தான் மாட்டும்.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் க்யூ முறையை மாற்ற வேண்டாம், அது நன்றாகவே இருக்கிறது. ஓட்டத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பூஜ்யம் இருப்பவை M1, C1. M1-ஐ எடுத்தால் PR பூஜ்யம் ஆகிறது, C1-ஐ எடுத்தால் DS பூஜ்யம் ஆகிறது. PR-ஐ எடுத்தால் ML இரண்டிலிருந்து ஒன்றாகிறது, DS-ஐ எடுத்தால் AL இரண்டிலிருந்து ஒன்றாகிறது. அதோடு க்யூ காலி. மிச்சம்: AL 1, ML 1, DM 1, PJ 2.

இதில் AL ஏன் நிற்கிறது? DM முடியவில்லை. DM ஏன் நிற்கிறது? ML முடியவில்லை. ML ஏன்? AL முடியவில்லை. சுற்று முடிந்தது. PJ நிற்பதற்குக் காரணம் வேறு. ML, DM இரண்டும் வராததால் அது காத்திருக்கிறது. ஆனால் PJ-க்காக யாருமே காத்திருக்கவில்லை. வடபழனி சிக்னலில் மூன்று பஸ் ஒன்றுக்கொன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் ஆட்டோவும் நகராது, அதற்காக ஆட்டோதான் அடைப்புக்குக் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டோம். PJ அந்த ஆட்டோ.

ஆக, க்யூ காலியான பிறகு மிஞ்சுவது சைக்கிளில் இருப்பவையும் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டியவையும் சேர்ந்தது. மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் சைக்கிள் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். எது சைக்கிள் என்பதற்கு அந்தப் பட்டியல் போதாது.

வேகக்கோடு

மூன்று நிலை விஷயம் சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு எட்ஜையெல்லாம் திருப்பிப்போட்டு அதே க்யூ முறையை இன்னொரு தடவை ஓட்டுங்கள். PJ-யிலிருந்து வெளியே எதுவும் போகவில்லை, அதனால் அது முதலில் கழன்றுவிடும். மீதி மூன்றுதான் சைக்கிள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம், அதே ஃபங்ஷன்.

சைதை_மாணவன்

இதைப் போட்டுப் பார்த்தேன், இந்த டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகிவிட்டது! அடுத்த கேஸ் ஒன்று ஃபெயில் ஆகிறது, அதில் இன்புட்டைக் காட்டவில்லை, மறைத்து வைத்திருக்கிறார்கள்.

பழைய_லேப்_அக்கா

அந்த மறைந்த கேஸில் இரண்டு சைக்கிள் இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் போட்டுப் பாருங்கள்:

```
A B
B A
B X
X C
C D
D C
```

X-க்கு முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் ஒரு சைக்கிள். முன்பக்கமாகக் கழற்றினால் X போகாது, ஏனென்றால் B நகராது. பின்பக்கமாகக் கழற்றினாலும் போகாது, ஏனென்றால் C நகராது. ஆனால் X எந்தச் சைக்கிளிலும் இல்லை. X-இலிருந்து கிளம்பினால் X-க்கே திரும்பி வர வழியே கிடையாது. வேகக்கோடு சொன்னது ஒரே ஒரு சைக்கிள் உள்ள கிராஃபுக்குச் சரியாக வரும், இரண்டு சைக்கிளுக்கு நடுவே பாலம் மாதிரி ஒரு கோர்ஸ் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிவிடும்.

இதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கவனிப்பு. க்யூ காலியான பிறகு மிச்சம் இருக்கும் எந்த நோடை எடுத்தாலும், அதற்கு முன்னால் வர வேண்டியவற்றில் குறைந்தது ஒன்றாவது அதே மிச்சத்துக்குள் இருக்கும். இல்லாவிட்டால் அதன் இன்-டிகிரி பூஜ்யமாகி எப்போதோ க்யூவுக்குள் போயிருக்கும். அதனால் மிச்சத்தில் ஏதோ ஒரு நோடில் நின்றுகொண்டு, அதன் முன்தேவைகளில் மிச்சத்தில் இருக்கும் ஒன்றுக்குப் பின்னோக்கிப் போங்கள். அங்கிருந்து மறுபடி பின்னோக்கி. எங்கேயும் முட்டுச்சந்து வராது, நோடோ குறைவு, எனவே எங்கோ ஒரு நோடை இரண்டாவது தடவை மிதித்தே ஆக வேண்டும். முதல் தடவை மிதித்ததிலிருந்து இரண்டாவது தடவை வரை உள்ளதுதான் சைக்கிள். அதற்கு முன்னால் நடந்ததை வெட்டி எறிய வேண்டும்.

```python
def find_cycle(left, pred):
    v = min(left)
    pos, path = {}, []
    while v not in pos:
        pos[v] = len(path)
        path.append(v)
        v = next(u for u in pred[v] if u in left)
    return path[pos[v]:][::-1]
```

உங்கள் முதல் இன்புட்டில் வேண்டுமென்றே PJ-யிலிருந்து தொடங்கிப் பாருங்கள். PJ-க்கு முன்னால் ML, DM இரண்டும் மிச்சத்தில் இருக்கின்றன, DM-ஐ எடுத்தோம் என்று வையுங்கள். DM-க்கு முன்னால் ML. ML-க்கு முன்னால் PR, AL, இதில் PR போய்விட்டது, அதனால் AL. AL-க்கு முன்னால் DS, DM, இதில் DS போய்விட்டது, அதனால் DM. DM ஏற்கெனவே பாதையில் இருக்கிறது. பாதை PJ, DM, ML, AL. முதலில் இருக்கும் PJ-ஐ வெட்டி, மீதியைத் திருப்பினால் AL, ML, DM. பின்னோக்கி நடந்ததால் திருப்ப வேண்டும், அதை மறந்தால் அம்புக்குறிகள் தலைகீழாக வரும், பலரும் மார்க் இழப்பது இங்கேதான்.

முன்னோக்கி நடந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். PJ-யில் நின்றால் முன்னோக்கிப் போக இடமே இல்லை. மிச்சம் இருப்பவற்றுக்கு மிச்சத்துக்குள்ளேயே ஒரு முன்தேவை உண்டு என்பதற்குத்தான் உத்தரவாதம், அவற்றுக்காகக் காத்திருக்கும் கோர்ஸ் உண்டு என்பதற்கு இல்லை.

ஓஎம்ஆர்_மாலைநேரம்

நான் சோழிங்கநல்லூரில் வேலை பார்த்துக்கொண்டே பார்ட்-டைமாகப் படிக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு வேண்டியது இதுதான் என்று வந்தேன். ஒரு செமஸ்டருக்கு இரண்டு கோர்ஸுக்கு மேல் என்னால் எடுக்க முடியாது, சில கோர்ஸை ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும்தான் நடத்துகிறார்கள். எந்த வரிசையில் எடுத்தால் சீக்கிரம் முடியும் என்று இந்த ப்ரோக்ராம் சொல்லுமா? க்யூவில் வரும் வரிசைப்படி இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டே போனால் போதும் என்று நினைத்தேன்.

வேகக்கோடு

போதும் சார். டோபோ வரிசையை இரண்டு இரண்டாக வெட்டினால் முடிந்தது.

பழைய_லேப்_அக்கா

போதாது சார், அது வேறு கேள்வி. சைதை_மாணவன் கேட்பது ஏதாவது ஒரு செல்லுபடியாகும் வரிசை. நீங்கள் கேட்பது மிகக் குறைந்த செமஸ்டர். உங்களுக்கு ஐந்து கோர்ஸ் பாக்கி என்று வையுங்கள்: C1 முடித்து DS, DS முடித்து AL, இவை ஒரு சங்கிலி. A1, A2 என்று எதோடும் சம்பந்தமில்லாத இரண்டு எலெக்டிவ். க்யூவில் A1, A2 முதலில் நின்றால் முதல் செமஸ்டரில் அவை இரண்டையும் எடுப்பீர்கள், பிறகு C1, DS, AL மூன்றும் தனித்தனி செமஸ்டர், மொத்தம் நான்கு. அதற்குப் பதில் C1-உம் A1-உம், அடுத்து DS-உம் A2-உம், அடுத்து AL என்று எடுத்தால் மூன்றிலேயே முடிந்துவிடும். இரண்டுமே சரியான டோபோ வரிசைதான், செலவாகும் காலம்தான் வேறு.

அதனால் எதற்குப் பின்னால் நீளமான சங்கிலி தொங்குகிறதோ அதை முதலில் எடுங்கள். ஒரு செமஸ்டருக்கு இரண்டு என்ற வரம்புக்கு 1972-இல் காஃப்மன், கிரஹாம் இருவரும் கொடுத்த முறை எப்போதும் மிகக் குறைந்த விடையைத் தரும், அதில் ஒரே நீளம் உள்ளவற்றுக்குள் யார் முதலில் என்பதையும் கவனமாகத் தீர்மானிக்கிறார்கள். வரம்பு எவ்வளவு என்பதும் இன்புட்டாக வந்தால் இது என்பி-கம்ப்ளீட் என்று உல்மன் 1975-இல் காட்டிவிட்டார்.

ஒற்றைப்படை செமஸ்டர் விஷயம், எண்ணிக்கை வரம்பு இல்லாதபோது சுலபம். சைதை_மாணவனின் இன்புட்டில் `DM AL` இல்லாமல் பாருங்கள்: C1, DS, AL, ML, DM, PJ என்று ஆறு நீளச் சங்கிலி, எனவே ஆறு செமஸ்டருக்குக் கீழே முடியவே முடியாது. ML ஒற்றைப்படையில் மட்டும் நடந்தால், AL மூன்றில் முடிந்தாலும் ML-க்கு ஐந்து வரை காத்திருக்க வேண்டும், மொத்தம் ஏழு. ஒவ்வொரு கோர்ஸையும் கிடைக்கும் முதல் செமஸ்டரில் போட்டாலே போதும். இரண்டு என்ற வரம்பையும் சேர்த்தால் காஃப்மன்-கிரஹாமின் உத்தரவாதம் போய்விடும். உங்களுக்குப் பாக்கி இருக்கும் கோர்ஸ் கொஞ்சம்தான் என்றால் எல்லா வழியையும் கம்ப்யூட்டரையே முயன்று பார்க்கச் சொல்லுங்கள், அது தாங்கும்.

ஓஎம்ஆர்_மாலைநேரம்

எலெக்டிவை முதலில் முடித்துவிட்டால் நிம்மதி என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். மாற்றிக்கொள்கிறேன். நன்றி மேடம்.

சைதை_மாணவன்

அக்கா, find_cycle போட்டேன், மறைந்த கேஸும் பாஸ். ஆனால் இன்னொரு கேஸில் `StopIteration` என்று விழுகிறது. முட்டுச்சந்து வராது என்றீர்களே? அதோடு, நான் min(left) இல்லாமல் next(iter(left)) என்று போட்டபோது ஒரே இன்புட்டுக்கு ஒவ்வொரு ரன்னிலும் வெவ்வேறு இடத்திலிருந்து சைக்கிள் தொடங்குகிறது. AL ML DM என்று ஒரு தடவை, ML DM AL என்று ஒரு தடவை.

பழைய_லேப்_அக்கா

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பைதானில் ஸ்ட்ரிங்கின் ஹேஷ் ஒவ்வொரு ரன்னிலும் மாறும், அதனால் செட்டிலிருந்து முதலில் எது வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் min போட்டேன். முன்தேவைகளையும் செட்டில் வைத்திருந்தால் அங்கேயும் next-க்குப் பதில் min போடுங்கள். சைக்கிள் ஒன்றுதான், தொடங்கும் இடம்தான் வேறு, ஆனாலும் சரிபார்க்கும் ப்ரோக்ராம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஃபெயில் ஆகும். கிடைத்த சைக்கிளைச் சுழற்றி, அகர வரிசையில் சிறியது முன்னால் வரும்படி அச்சிடுங்கள்.

StopIteration-தான் முக்கியம். மிச்சம் இருக்கும் நோடுக்கு மிச்சத்துக்குள் முன்தேவை எதுவும் இல்லை என்றால், அந்த நோட் மிச்சத்தில் இருக்கவே கூடாது. அதாவது இன்-டிகிரி ஒரு கணக்கு சொல்கிறது, எட்ஜ் பட்டியல் வேறு கணக்கு சொல்கிறது. இன்புட் படிக்கும் பகுதியைப் போடுங்கள் பார்க்கலாம்.

சைதை_மாணவன்

```python
for line in f:
    if len(line.split()) != 2:
        continue
    a, b = line.split()
    succ[a].add(b)
    pred[b].add(a)
    indeg[b] += 1
```

பழைய_லேப்_அக்கா

இதோ. இன்புட்டில் `C1 DS` என்ற வரி இரண்டு தடவை வந்திருந்தால் என்ன ஆகும்? செட்டில் ஒரே ஒரு DS-தான் சேரும், இன்-டிகிரி மட்டும் இரண்டாகிவிடும். C1-ஐ எடுக்கும்போது ஒன்றுதான் குறையும். DS ஒன்றிலேயே நிற்கும், அதன் பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நிற்கும், சைக்கிள் இல்லாத கிராஃபில் சைக்கிள் என்று சொல்வீர்கள். பழைய ப்ரோக்ராமிலும் இது இருந்திருக்கும், மிச்சத்தை அப்படியே அச்சிட்டதால் வெளியே தெரியவில்லை. பின்னோக்கி நடக்கப் போனதும் காட்டிக்கொடுத்துவிட்டது.

`if b not in succ[a]` என்று பார்த்துவிட்டு உள்ளே போனால் சரியாகும். அல்லது செட்டுக்குப் பதில் லிஸ்ட் வைத்தாலும் சரி, அப்போது இரண்டு தடவை கூடியது இரண்டு தடவை குறையும். செட்டும் எண்ணிக்கையும் கலந்தால்தான் வம்பு.

அப்புறம் யாரோடும் சேராத கோர்ஸ் உங்கள் அசைன்மென்டில் எப்படி வருகிறது? இந்த லூப்பில் எட்ஜில் வரும் கோர்ஸ் மட்டும்தான் தெரியும். தனியே நிற்கும் கோர்ஸ் விடையிலிருந்தே காணாமல் போகும்.

பெரம்பூர்_லினக்ஸ்

சரிபார்க்க ஒரு வழி. டெர்மினலில் `tsort input.txt` அடித்தால் இதே ஃபார்மட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும், முன்னால் வருவது முதலில் என்ற அதே திசைதான். சுற்று இருந்தால் `input contains a loop` என்று சொல்லி அதிலுள்ள பெயர்களைக் காட்டும். தனியே நிற்கும் கோர்ஸுக்கு `EV EV` என்று ஒரே பெயரை இரண்டு தடவை எழுதினால் போதும், அதை எட்ஜாக எண்ணாது.

பைதான் 3.9-இலிருந்து graphlib இருக்கிறது, அதில் TopologicalSorter, சைக்கிள் வந்தால் CycleError. கவனிக்க வேண்டியது ஒன்று: அதற்குக் கொடுக்கும் டிக்ஷனரியில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் நேராக அதன் முன்தேவைகளை எழுத வேண்டும். succ-ஐக் கொடுத்தால் வரிசை தலைகீழாக வரும், எர்ரர் எதுவும் வராது. லேபில் இதைச் சமர்ப்பிக்க விட மாட்டார்கள், வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சைதை_மாணவன்

தனியே நிற்கும் கோர்ஸ் எங்கள் ஃபார்மட்டில் ஒற்றைப் பெயராக ஒரு வரியில் வருகிறது. இத்தனை நாள் அந்த வரியை `split` எடுத்துக்கொள்ளாது என்று பார்த்துத் தாண்டிவிட்டேன், இப்போது சேர்த்துவிட்டேன். எல்லா கேஸும் பாஸ்.

வைவாவில் ஏன் பின்னோக்கி நடக்கிறாய் என்று கேட்டால் நீங்கள் சொன்ன காரணம் போதுமா, இல்லை வேறு நிரூபணம் ஏதாவது கேட்பார்களா?

பழைய_லேப்_அக்கா

அந்த ஒரு வாக்கியமே நிரூபணம்தான். மிச்சத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மிச்சத்துக்குள்ளேயே ஒரு முன்தேவை இருக்கிறது, நோடுகள் முடிவுள்ளவை, எனவே மறுபடி மிதிப்போம். இதை உங்கள் சொந்த வார்த்தையில் AL, ML, DM, PJ வைத்துச் சொல்லுங்கள். நேரம் எவ்வளவு என்று கேட்பார்கள்: நோட் எண்ணிக்கையும் எட்ஜ் எண்ணிக்கையும் கூட்டினால் வருவதற்கு நேர்விகிதத்தில்தான் மொத்தமும். நடக்கும்போது ஒவ்வொரு நோடின் முன்தேவைகளை ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை, அதனால் இந்தப் பகுதி கூடுதல் சுமை இல்லை. க்யூ முறை யாருடையது என்று கேட்டால், ஆர்தர் கான் 1962-இல் எழுதியது.

வேகக்கோடு

ஒரு சந்தேகம். சில கோர்ஸுக்கு 'இந்த இரண்டில் ஏதாவது ஒன்று முடித்திருந்தால் போதும்' என்று இருக்கும். உதாரணமாக ML-க்கு PR அல்லது வேறு ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ். அப்போதும் இதே முறை வருமா?

பழைய_லேப்_அக்கா

வரிசை போடும் பாதி வரும். எட்ஜுக்கு ஒன்று என்று எண்ணாமல், தொகுதிக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். ஒரு தொகுதியில் முதல் கோர்ஸ் முடிந்ததும் ஒன்று குறையுங்கள், அதே தொகுதியில் இரண்டாவது முடிந்தால் குறைக்கக் கூடாது.

சைக்கிளைக் காட்டும் பாதிதான் எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை. மிச்சம் இருக்கும் கோர்ஸுக்கு ஏதோ ஒரு தொகுதி முழுவதுமாக மிச்சத்தில் இருக்கும், அதனால் பின்னோக்கி நடந்தால் ஒரு சுற்று கிடைக்கும். ஆனால் அந்தத் தொகுதியில் நாம் எடுக்காத இன்னொரு கோர்ஸ் வேறு ஒரு சுற்றில் மாட்டியிருக்கலாம். கிடைத்த சுற்று இருந்தாலும், அந்த இன்னொன்று மட்டும் கழன்றுவிட்டால் ML எடுத்துவிடலாம். அப்படியானால் 'இதுதான் காரணம்' என்று அந்த ஒரு சுற்றை மட்டும் மாணவருக்குக் காட்டுவது சரியா?

பெரம்பூர்_லினக்ஸ்

சரியில்லை என்றுதான் தோன்றுகிறது. மாட்டிய தொகுதிகள் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருக்கும், அது ஒரு சுற்றாக இருக்காது, மரமாகவும் இருக்காது. எட்ஜ் பட்டியலாகவே கொடுத்துவிடலாமோ?

வேகக்கோடு

இன்று ராத்திரி சின்ன உதாரணம் ஒன்று போட்டுப் பார்க்கிறேன், ML-க்கு இரண்டு தேர்வு, இரண்டும் தனித்தனி சுற்றில். என்ன வருகிறது என்று இங்கேயே போடுகிறேன்.